வலிக்காத இடத்தில் இன்சுலின் போடாதீர்கள்

இன்சுலின் தொடங்கி ஓராண்டு ஆனவர்களின் வயிற்றைப் பார்த்தால், பலருக்குத் தொப்புளின் ஒரு பக்கம் மட்டும் லேசாக உப்பியிருக்கும். "அங்க போட்டா வலிக்கிறதே இல்ல" என்பார்கள். வலிக்காததற்குக் காரணம் கை பழகியது அல்ல. இன்சுலின் தன்னைச் சுற்றியுள்ள கொழுப்பை வளரவைக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறங்கினால் தோலுக்கடியில் ரப்பர் போன்ற ஒரு தடிப்பு உருவாகிறது. அங்கே உணர்ச்சி குறைவு. மருந்து இரத்தத்தில் சேர்வதும் ஒரு நாள்போல் இன்னொரு நாள் இருக்காது.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் 30/70 கலவை இன்சுலின் காலையில் 24, இரவில் 16 யூனிட் போடுகிறார். காலை ஊசி எப்போதும் தொப்புளுக்கு இடப்பக்கம்தான். மாலைச் சர்க்கரை 240க்குக் கீழே இறங்கவில்லை. தடிப்பை யாரும் தொட்டுப் பார்க்காததால் காலை அளவு 34 ஆகிறது. ஒரு நாள் மகள் ஊசி போடுகிறாள், வலப்பக்கம். அங்கே தோல் நன்றாக இருப்பதால் 34 யூனிட்டும் முழுதாக வேலை செய்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு வியர்வை, கைநடுக்கம், மீட்டரில் 52. மருந்தும் அளவும் அதேதான், மாறியது இடம் மட்டுமே. (70க்குக் கீழே வந்தால், விழுங்க முடிகிறவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.)

இடம் மாற்றுவதை வாரக் கணக்கில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. காலை ஊசி வயிற்றில், இரவு ஊசி தொடையில் என்று நேரத்துக்கு ஓர் உறுப்பு. வயிற்றில் மருந்து சீக்கிரம் சேரும், தொடையில் மெதுவாகச் சேரும். அதனால் காலையில் ஒரு நாள் வயிறு, ஒரு நாள் தொடை என்று மாற்றினால் சர்க்கரையும் தாறுமாறாகும். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டுவிட்டு, வயிற்றை நான்கு கட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் வலது மேல்கட்டம், அடுத்த வாரம் இடது மேல், பிறகு இடது கீழ், கடைசியாக வலது கீழ். ஒரு கட்டத்துக்குள்ளும் நேற்றுப் போட்ட இடத்திலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளித்தான் இன்று. இப்படிச் செய்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று வாரம் ஓய்வு கிடைக்கும். தொடையில் முன்பக்கத்தின் வெளிப்புறம், மேல்பகுதி. ஒரு வாரம் வலது, ஒரு வாரம் இடது. உள்தொடை வேண்டாம். தொடையில் போட்ட கையோடு வேக நடைக்கும் கிளம்ப வேண்டாம், மருந்து விரைந்து இறங்கிவிடும்.

போடும் முறையில் அதிகம் தவறு நடப்பது சிரிஞ்சில்தான். அரசு மருத்துவமனையில் தரும் பாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி 100 யூனிட் இன்சுலினுக்கு உரியது. அதில் 40 யூனிட் மருந்தை 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குப் போவது 8 யூனிட்தான். புதுப் பாட்டில் வாங்கும்போதெல்லாம் லேபிளையும் மூடியையும் சேர்த்துப் பாருங்கள்.

கலங்கலான இன்சுலினை உள்ளங்கைகளுக்கிடையில் பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகச் சாய்த்து எடுங்கள். குலுக்கினால் நுரைக்கும். உருட்டிய பிறகும் திட்டுத்திட்டாக இருந்தால் அந்தப் பாட்டில் வேண்டாம். பேனாவாக இருந்தால் முதலில் 2 யூனிட் வைத்து அழுத்தி, முனையில் துளி வருகிறதா என்று பார்த்த பிறகு அளவைத் திருப்புங்கள்.

சிரிஞ்ச் ஊசி 6 அல்லது 8 மில்லிமீட்டர் இருக்கும் என்பதால், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை மட்டும் மென்மையாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். முழுக் கையால் அள்ளினால் தசையும் சேர்ந்து வரும். தசைக்குள் போன இன்சுலின் எதிர்பாராத வேகத்தில் சர்க்கரையைக் குறைக்கும். நேராகக் குத்துங்கள், ஒல்லியான உடம்பென்றால் சாய்த்து. பேனாவின் 4 மில்லிமீட்டர் ஊசிக்குப் பெரும்பாலோர் தோலைத் தூக்கவே வேண்டாம். மருந்தை அழுத்தி முடித்ததும் பத்து எண்ணிவிட்டு எடுங்கள். அவசரமாக எடுத்தால் துளி வெளியே வழியும். போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். ஊசியை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள். மழுங்கிய முனையும் தடிப்பை வளர்க்கும்.

மாதம் ஒருமுறை குளிக்கும்போது, சோப்பு நுரை இருக்கையிலேயே விரல்களை அழுத்தி வயிற்றிலும் தொடையிலும் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத தடிப்பு விரலுக்குத் தட்டுப்படும். கிள்ளிப் பார்த்தால் மற்ற இடம்போல் மெல்லியதாக மடங்காது. தட்டுப்பட்டால் அங்கே ஊசி போடுவதைப் பல மாதங்களுக்கு நிறுத்த வேண்டியிருக்கும். ஆனால் நல்ல இடத்துக்கு மாறும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்: அளவைக் குறைக்க வேண்டி வரலாம். மாறிய முதல் சில நாள்களுக்கு மீட்டரில் வழக்கத்தைவிட அடிக்கடி பாருங்கள், தூங்கப் போகும் முன்பும்.