பத்து மணி சோபாவும் சிப்ஸ் டப்பாவும்

இரவு பத்து மணி. சாப்பிட்டு ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும், வயிறு நிறைந்தே இருக்கும். சோபாவில் சாய்ந்து டிவி ரிமோட்டை எடுத்ததும் சிப்ஸ் நினைவு வந்துவிடும். அதன் மொறுமொறுப்பும், விரல் நுனியில் ஒட்டும் உப்பும், நாக்கில் படியும் எண்ணெயும் அப்படியே கண்முன் வரும். வாயில் எச்சில் ஊறும். இரண்டு வருடம் எனக்கு இதே கதைதான். நடுவில் ஒரு வாரம் வேலையாக வெளியூரில் தங்க வேண்டியிருந்தது. அந்த ஏழு இரவும் பத்து மணிக்கு இந்த ஆசை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வீடு திரும்பி அதே சோபாவில் உட்கார்ந்த முதல் இரவே ஆஜர்.

உடம்புக்கு நிஜமாகவே உப்போ கொழுப்போ குறைந்திருந்தால் வெளியூரிலும் குறைந்துதானே இருக்கும்? அப்படியென்றால் என்னைச் சாப்பிடச் சொன்னது வயிறு இல்லை. சோபாவைக் கண்ட மூளைதான்.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு நல்ல தடயம் குரங்குகளிடம் கிடைத்தது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் குரங்குகளின் நடுமூளையில் டோபமைன் என்ற செய்தி கடத்தும் ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்களை ஒவ்வொன்றாக ஒட்டுக்கேட்டார்கள். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு வாயில் விழுந்தால் அந்த அணுக்கள் படபடவென்று துடிக்கும். சாறு வருவதற்குச் சற்று முன்பு ஒரு விளக்கு எரியும்படி செய்து, அதைப் பல தடவை திரும்பத் திரும்பச் செய்தார்கள். கொஞ்ச நாளில் துடிப்பு இடம் மாறிவிட்டது. விளக்கு எரிந்ததும் அணுக்கள் துடித்தன. சாறு விழுந்தபோது பெரிதாக எதுவும் நடக்கவில்லை. விளக்கை மட்டும் எரியவிட்டுச் சாற்றைத் தராமல் ஏமாற்றினால், சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே சரிந்தது.

அதாவது இந்த அணுக்கள் சொல்வது சுவையை அல்ல, கணக்கை. எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்ததா, குறைவாகக் கிடைத்ததா என்ற வித்தியாசத்தை. ஒரு சைகை நம்பகமாக உணவைக் கொண்டுவருகிறது என்று தெரிந்துவிட்டால், பரபரப்பெல்லாம் சைகைக்கே போய்விடும். எனக்கு ரிமோட்டுதான் விளக்கு.

டோபமைனை 'இன்ப ரசாயனம்' என்று எழுதித் தள்ளுகிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. கென்ட் பெரிட்ஜ் என்ற அமெரிக்க ஆய்வாளர் செய்த சோதனை ஒன்று போதும், அந்தப் பெயர் ஆட்டம் காண. மூளையில் டோபமைன் கிட்டத்தட்ட முழுதும் அழிக்கப்பட்ட எலிகள் உணவைத் தேடிப் போகாது. பக்கத்தில் உணவு இருந்தாலும் பட்டினி கிடக்கும். ஆனால் அவற்றின் வாயில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால், மற்ற எலிகளைப் போலவே உதட்டை நக்கி ரசிக்கும். ரசனை அப்படியே இருந்தது, தேடல்தான் போய்விட்டது. ரசிப்பதற்கு வேறு சிறு பகுதிகள் இருக்கின்றன. அங்கே வேலை செய்வது முக்கியமாக மூளையே தயாரிக்கும், அபினைப் போல வேலை செய்யும் ஓபியாய்டு வகைப் பொருட்கள். 'வேண்டும்' என்பது ஒரு வழி, 'பிடிக்கிறது' என்பது வேறு வழி. டப்பாவின் அடியில் மிஞ்சிய தூளைத் தட்டிச் சாப்பிடும்போது, அது ஒன்றும் அவ்வளவு ருசியாக இல்லை என்று தெரிந்தும் கை நிற்காததற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பிரிவை இதைவிட அழகாகக் காட்டுவது 2013-இல் வெளியான ஓர் உப்புச் சோதனை. மைக் ராபின்சனும் பெரிட்ஜும் செய்தது. கூண்டுச் சுவரிலிருந்து ஒரு கம்பி நீளும். உடனே எலியின் வாய்க்குள் பொருத்திய குழாய் வழியாகக் கரிப்பான உப்புக் கரைசல் பாயும். கடல்நீரைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கும் மேல் கரிப்பு. வேறொரு கம்பி நீண்டால் சர்க்கரைத் தண்ணீர். சில நாட்களில் எலிகள் சர்க்கரைக் கம்பியிடம் ஓடிப்போய் அதைக் கடிக்க ஆரம்பித்தன. உப்புக் கம்பியைக் கண்டால் எதிர்ச் சுவர்ப் பக்கம் ஒதுங்கின. இந்த எலிகள் தங்கள் வாழ்நாளில் உப்புக்காக ஏங்கியதே இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

அப்புறம் ஒரு நாள் மருந்து செலுத்தி அவற்றின் உடம்பிலிருந்து சோடியத்தை வெளியேற்றினார்கள். மறுபடி கம்பிகள் நீண்டபோது, இதுவரை கண்டு ஒதுங்கிய உப்புக் கம்பியிடம் எலிகள் பாய்ந்தன, முகர்ந்தன, கடித்தன. அன்றைக்கு ஒரு சொட்டு உப்பும் வாயில் விழவில்லை. 'உப்பு இப்போது நன்றாக இருக்கிறது' என்று தெரிந்துகொள்ள அவற்றுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. கற்றுவைத்த நினைவு முழுக்க அருவருப்பு. இருந்தும் அந்த நொடியில் மூளை இரண்டையும் சேர்த்துப் பெருக்கியது: இந்தக் கம்பி உப்பைக் குறிக்கிறது, உடம்புக்கு உப்பு இல்லை. ஏக்கம் என்பது பழைய இன்பத்தின் எதிரொலி மட்டுமாக இருந்தால் இது நடந்திருக்காது. சைகையும் உடம்பின் அப்போதைய நிலையும் சந்திக்கும் இடத்தில், ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செய்யப்படும் பொருள் அது.

இதை வைத்து 'உடம்பு கேட்பதைத்தான் நாக்கு கேட்கிறது' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சோடியத்துக்கு அது பொருந்தும். சோடியம் குறைந்தால் ஆல்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்கள் மூளைக்குச் செய்தி சொல்கின்றன; உப்பைத் தேட வைப்பதற்கென்றே பிறவியிலேயே அமைந்த ஏற்பாடு உண்டு. சாக்லேட் ஆசை வந்தால் மக்னீசியம் குறைவு என்று சொல்வதெல்லாம் அந்த வகையில் சேராது. மக்னீசியம்தான் பிரச்சினை என்றால் கீரை மேலும் ஆசை வர வேண்டுமே. என்னுடைய பத்து மணி உப்பாசையும் இதில் சேராது. இரவு உணவிலேயே தேவைக்கு மேல் உப்பு போயிருந்தது.

சர்க்கரையும் கொழுப்பும் வேறு வழியில் பிடி இறுக்குகின்றன. இனிப்பை உணரவே முடியாதபடி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளுக்கு ஒரு குவளையில் சர்க்கரைத் தண்ணீரும், இன்னொன்றில் கலோரி இல்லாத செயற்கை இனிப்புத் தண்ணீரும் வைத்தார்கள். முதலில் இரண்டும் அவற்றுக்கு ஒன்றுதான். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் சர்க்கரைக் குவளையில்தான் வாய் வைத்தன. நாக்குக்குத் தெரியாததைக் குடல் கண்டுபிடித்துவிட்டது: குடற்சுவரின் அணுக்கள் சர்க்கரையை அடையாளம் கண்டு, வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குச் சொல்கின்றன. கொழுப்புக்கும் இதே போன்ற ஒரு தொடர்பு இருப்பது பிறகு தெரியவந்தது. 'போன தடவை உள்ளே போனது நல்ல சரக்கு' என்று குடல் அனுப்பும் ரசீதுதான், அதற்கு முன்னால் வந்த வாசனையையும் நிறத்தையும் பாக்கெட் சத்தத்தையும் சைகைகளாக மாற்றுகிறது. மாவுச்சத்தும் கொழுப்பும் ஒன்றாக வரும்போது இரண்டு ரசீதும் சேர்ந்து வருகிறது. மூளையின் பரிசுப் பகுதிகள் அப்போது தனித்தனியாகக் கிடைப்பதைவிட அதிகமாகத் துடிப்பதை மனிதர்களிடமே பார்த்திருக்கிறார்கள்.

சரி, இது எப்படி அடங்கும்?

நிமிடக் கணக்கில் பார்த்தால், ஏக்கம் தானாகவே ஏறி இறங்கும். அதை ஏற்றிவிடுவது நாமேதான்: முதலில் வந்த சின்ன நினைப்பை மனத்தில் படமாக வரைந்து வண்ணம் பூசுகிறோம். படம் வரைய மூளைக்கு இருக்கும் பலகை சிறியது. பலகையில் வேறு எதையாவது எழுதிவிட்டால் சிப்ஸுக்கு இடமிருக்காது. இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வில், ஏக்கம் இருந்தவர்களை மூன்று நிமிடம் டெட்ரிஸ் என்ற, விழும் கட்டைகளை அடுக்கும் வீடியோ விளையாட்டை ஆட விட்டார்கள். விளையாட்டு திறக்காமலே நின்ற திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களோடு ஒப்பிட்டால் ஆடியவர்களின் ஏக்கம் ஏறக்குறைய கால் பங்கு தணிந்திருந்தது. பாட்டுக் கேட்பது இந்த அளவுக்கு உதவாது. கண்ணுக்கான பலகையை அது நிரப்புவதில்லை.

வாரக் கணக்கில் நடப்பது வேறு. அலமாரியைக் காலி செய்துவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தால் ஏக்கம் வாடிவிடும் என்று நானும் நம்பினேன். சர்க்கரைக்காகக் கம்பியை அழுத்தப் பழகிய எலிகளிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். சர்க்கரையை நிறுத்திவிட்டு, ஒரு மாதம் கழித்து அதே கம்பியையும் விளக்கையும் காட்டினால், நிறுத்திய மறுநாள் அழுத்தியதைவிட அதிகமாகவே அழுத்துகின்றன. காலம் மட்டும் முடிச்சை அவிழ்க்காது. சைகை வர வேண்டும், உணவு வராமல் போக வேண்டும்; குரங்கின் மூளையில் பார்த்த அந்தச் சரிவு திரும்பத் திரும்ப நிகழ்ந்தால்தான் கணக்கு திருத்தப்படும். மனிதர்களில் ஓர் உணவை வாரக்கணக்கில் விட்டவர்களுக்கு அதன் மேல் ஏக்கம் பொதுவாகக் குறையத்தான் செய்கிறது. கூண்டு எலியைப் போலல்லாமல் நாம் தினமும் சைகைகளுக்கு நடுவிலேயே வாழ்வதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் நான் சோபாவை மாற்றவில்லை. அதே நேரம், அதே ரிமோட், சிப்ஸ் மட்டும் கிடையாது. முதல் நான்கு நாள் ஆசை முன்பைவிட மோசம், கூடவே எரிச்சல் வேறு. எதிர்பார்த்தது வராதபோது தேடல் முதலில் கூடுவது தெரிந்த விஷயம்தான். ஐந்தாம் நாள் 'ஒரே ஒரு கைப்பிடி' என்று தோற்றேன். நடுவில் எப்போதாவது கொடுப்பதுதான் இருப்பதிலேயே கெட்ட வழி. 'இன்று இல்லாவிட்டால் நாளை வரலாம்' என்று மூளை கற்றுக்கொள்கிறது, பிறகு பல நாள் வராவிட்டாலும் நம்பிக்கையை விடாது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

மாதக் கணக்கில் மாறுவது நாக்கின் அளவுகோல். 1982-இல் வந்த ஓர் ஆய்வில் சில இளைஞர்கள் ஐந்து மாதம் உப்பைக் குறைத்துச் சாப்பிட்டார்கள். முடிவில், சூப்பிலும் உப்பு பிஸ்கட்டிலும் அவர்களுக்குப் பிடித்த உப்பின் அளவே இறங்கியிருந்தது. முதல் சில வாரங்கள் சப்பென்றுதான் இருக்கும். அதைத் தாண்ட வேண்டும். இனிப்பு இவ்வளவு இணங்கி வருவதில்லை. மூன்று மாதம் சர்க்கரையைக் குறைத்தவர்களுக்கு அதே பண்டம் முன்பைவிட அதிகமாக இனித்தது. ஆனால் எவ்வளவு இனிப்பு பிடிக்கும் என்பது மாறவில்லை.

எனக்கு ஆறாவது வாரம் ஒரு நாள் மணி பார்த்தபோது பத்தேமுக்கால். பத்து மணி எப்போது கடந்தது என்றே தெரியவில்லை. பழைய பாடம் அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதன் மேல் புதுப் பாடம் ஒன்று எழுதப்பட்டிருக்கிறது, அதுவும் என் வீட்டுச் சோபாவில் வைத்து எழுதப்பட்ட பாடம். இடம் மாறினால் பழையது தலைதூக்கும். போன வாரம் ஒரு நண்பர் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் பாக்கெட் கிழியும் சத்தம் கேட்டது. பேச்சை நடுவில் விட்டுவிட்டுத் திரும்பினேன். வாயில் எச்சில் ஊறியிருந்தது.