இங்கிலாந்து விசிட் விசா மறுப்புக் கடிதம்: எந்த வரிக்கு என்ன பதில்

மறுப்புக் கடிதம் வந்தால் கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள். அப்பீலுக்கு வழி உண்டா இல்லையா என்பது அங்கேதான் இருக்கும். மகன், மகள் வீட்டுக்குப் போய்வர எடுக்கும் விசிட் விசா என்றால், இந்த முடிவுக்கு மேல்முறையீட்டு உரிமையும் கிடையாது, அதே துறையே முடிவைத் திரும்பப் பார்க்கும் நிர்வாக மறு ஆய்வும் கிடையாது என்று அதில் எழுதியிருப்பார்கள். முன்பு உறவினரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு முழு அப்பீல் உரிமை இருந்தது. 2013 ஜூன் 25-இல் அதை எடுத்துவிட்டார்கள். "அப்பீல் போட்டு வாங்கித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால், இந்தப் பத்தியைக் காட்டி விளக்கம் கேளுங்கள்.

மனைவியோ கணவரோ அங்கே குடியேறப் போகும் விசா மறுக்கப்பட்டால் கதை வேறு. அதற்குப் பெரும்பாலும் மனித உரிமை அடிப்படையில் அப்பீல் உண்டு. இங்கிருந்து போடுகிறவருக்கு 28 நாள் அவகாசம். மாணவர் விசா, வேலை விசா என்றால் நிர்வாக மறு ஆய்வு, அதற்கும் 28 நாள்தான். அதற்கு 80 பவுண்ட் கட்டணம். விசிட் விசாவுக்கு இரண்டும் இல்லாததால் மறுபடி விண்ணப்பிப்பதுதான் நடைமுறை வழி. எத்தனை மாதம் கழித்து என்று விதி எதுவும் கிடையாது, மறுநாளே போடலாம். ஆனால் அதே காகிதங்களோடு போட்டால் அதே பதில்தான் வரும், கட்டிய கட்டணமும் திரும்பாது. அதனால் கடிதத்தின் நடுப்பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு தம்பதி. நான்கு ஏக்கர் மாந்தோப்பு, இரண்டு கறவை மாடு. மகளும் மருமகனும் லெஸ்டரில் இருக்கிறார்கள், மகளுக்கு முதல் பிரசவம். ஏப்ரலில் கிளம்பி ஐந்தரை மாதம் தங்குவதாக மார்ச்சில் விண்ணப்பித்தார்கள். படிவத்தை ஒரு ஏஜென்ட் நிரப்பினார், பெங்களூருக்குப் போய்க் கைரேகை கொடுத்து வந்தார்கள். சில வாரத்தில் மறுப்பு வந்தது.

கடிதத்தில் இங்கிலாந்துக் குடிவரவு விதிகளின் பத்தி எண்கள் இருக்கும். விசிட் விசாவில் அடிக்கடி வருவது V 4.2. அதில் (a) என்றால், பயணம் முடிந்ததும் நீங்கள் நாட்டை விட்டுக் கிளம்புவீர்கள் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. (c) என்றால், சொன்ன காரணத்துக்காகத்தான் வருகிறீர்கள் என்று தோன்றவில்லை. (e) என்றால், செலவுக்குப் பணம் போதுமா என்பதில் சந்தேகம். இந்தத் தம்பதிக்கு மூன்றுமே போட்டிருந்தார்கள். பயந்துபோய் மகளுக்குப் போன் போட்டு அழுதார்களாம். உண்மையில் இந்த எண்கள் எல்லாம் தலைப்புகள்தான். அவற்றுக்கு மேலே அதிகாரி எழுதும் நான்கைந்து வாக்கியங்கள்தான் காரணம், பதில் சொல்ல வேண்டியதும் அவற்றுக்குத்தான்.

இவர்களின் கடிதத்தில் இருந்தவற்றைத் தமிழில் சுருக்கினால் இப்படி வரும். மாத வருமானம் 45,000 ரூபாய் என்று சொல்லியிருக்கிறீர்கள், பேங்க் ஸ்டேட்மென்ட்டில் அது தெரியவில்லை. ஜனவரியில் 1,60,000 ரூபாய் ரொக்கமாகவும், பிப்ரவரியில் 2,00,000 ரூபாய் வேறொரு கணக்கிலிருந்தும் வந்திருக்கிறது, எங்கிருந்து என்று விளக்கவில்லை. விவசாயி என்கிறீர்கள், ஐந்தரை மாதம் ஊரில் இல்லாவிட்டால் விவசாயத்தை யார் பார்ப்பார்கள் என்று சொல்லவில்லை. பயணக் காரணமாகக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்று எழுதியிருக்கிறீர்கள்.

பிப்ரவரியில் வந்த இரண்டு லட்சம் சம்பந்தி கணக்கிலிருந்து வந்தது. பேலன்ஸ் காட்டுவதற்காக ஏஜென்ட் போடச் சொன்னது. எங்கள் பக்கம் இது சகஜம், ஆனால் முதலில் கண்ணில் படுவதும் இதுதான். ஸ்டேட்மென்ட்டில் ஜனவரி வரை 38,000 ரூபாய் இருந்த கணக்கு திடீரென்று நான்கு லட்சத்தைத் தொடுகிறது. அது உங்கள் பணமா, கடன் வாங்கிய பணமா என்ற கேள்வி யாருக்கும் வரும். அடுத்த முறை அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, செலவை மருமகன் ஏற்பதாகவே காட்டலாம். உறவினர் செலவை ஏற்க விதியே இடம் தருகிறது. அவர் அங்கே முறையாகத் தங்கியிருக்க வேண்டும், உறவு உண்மையாக இருக்க வேண்டும், அவரால் அந்தச் செலவைத் தாங்க முடியும் என்று சம்பளச் சீட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் காட்ட வேண்டும்.

ஜனவரியில் வந்த ரொக்கம் நேர்மையான பணம். பூ பூக்கும் சமயத்தில் ஒரு வியாபாரி தோப்பைக் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்த தொகை. கிருஷ்ணகிரியில் மாந்தோப்பு வைத்திருப்பவருக்கு இதைச் சொல்லவே வேண்டாம். வெளிநாட்டு அதிகாரிக்குச் சொன்னால்தான் தெரியும். இந்தக் குத்தகை அவருடைய இரண்டு கேள்விக்கும் பதிலாகிறது. பணம் எப்படி வந்தது என்பது ஒன்று. காய் பறிப்பது வியாபாரியின் வேலை என்பதால் அந்த மாதங்களில் தோப்புக்காரர் ஊரில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, அது இன்னொன்று.

ஆனால் குத்தகை வாய்ப்பேச்சு, எழுத்தில் எதுவும் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஜனவரித் தேதி போட்டு ஒரு முத்திரைத்தாள் தயார் செய்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கூடவே கூடாது. மறுப்புக்கு மேல் மறுப்பு வந்தாலும் அது தாங்கக்கூடியதே. ஏமாற்று என்று முடிவு செய்துவிட்டால் பத்து வருடம் வரை விசா கிடைக்காமல் போகும். இன்றைய தேதியிலேயே வியாபாரியிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். எந்தத் தோப்பு, எவ்வளவு தொகை, என்று கொடுத்தது, அவருடைய பெயர், முகவரி, போன் எண் ஆகியவை அதில் இருக்கட்டும். இதைவிட வலுவான சான்று பேங்கிலேயே கிடக்கிறது. ஆறு மாதத்துக்குப் பதில் மூன்று வருட ஸ்டேட்மென்ட் எடுத்தால், ஒவ்வொரு ஜனவரியிலும் ஏறக்குறைய அதே தொகை விழுந்திருப்பது தெரியும். அதற்குப் பின் அந்த ரொக்கம் விளங்காத பணமாகத் தெரியாது.

வருமானம் 45,000 என்றது ஏஜென்ட்டின் கைவண்ணம். பால் சொசைட்டியிலிருந்து கணக்கில் விழும் தொகை மாதம் சராசரி 11,000, வருடத்துக்கு 1,32,000. குத்தகை 1,60,000. மொத்தம் 2,92,000, மாதத்துக்கு 24,000 சொச்சம். அதையே எழுதுங்கள். பழைய விண்ணப்பம் அவர்களிடம் இருக்கிறது, எண் மாறினால் கவனிப்பார்கள். அதனால் விளக்கக் கடிதத்தில், போன முறை படிவத்தை வேறொருவர் நிரப்பினார், நான் சரிபார்க்காமல் கையெழுத்திட்டேன், சரியான கணக்கு இது என்று நேராகச் சொல்லிவிடுவது நல்லது. மருமகன் செலவு ஏற்கும்போது 24,000 ஒரு குறையே இல்லை. 45,000 என்று எழுதி நிரூபிக்க முடியாமல் போவதுதான் குறை.

அப்புறம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்ற வரி. நம் வீட்டில் பிரசவம் பார்க்கப் போவது தாயின் கடமை. அங்கே அதே வரியைச் சம்பளமில்லாத ஆயா வேலை என்று வாசிக்க இடமிருக்கிறது, விசிட் விசாவில் வேலை செய்யக் கூடாது. குறுகிய காலம் வந்து உறவினராக உதவினால் தடையில்லை, குழந்தை பராமரிப்பாளராக வேலை பார்ப்பதாக ஆகிவிடக் கூடாது. ஐந்தரை மாதம் என்று எழுதும்போது அந்தக் கோடு மங்குகிறது. பிரசவ சமயத்தில் மகளுடன் இருந்து, பேரக்குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம், எட்டு வாரம் என்று எழுதினால் காரணமும் காலமும் பொருந்தும். மாட்டைத் தம்பி பார்த்துக்கொள்வார் என்றால் அவரிடமும் ஒரு கடிதம். என்னைக் கேட்டால் இந்த முறை அம்மா மட்டும் விண்ணப்பிப்பது இன்னும் எளிது. அப்பாவும் தோப்பும் மாடும் ஊரில் இருப்பதே திரும்பி வருவதற்குக் காரணம். ஆனால் அது வீட்டு முடிவு.

நிலத்துக்குச் சிட்டாவை eservices.tn.gov.in தளத்தில் எடுக்கலாம், அடங்கல் வி.ஏ.ஓ.விடம் வாங்கலாம். தமிழில் உள்ள எதற்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதி, தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். இவை இல்லாத காகிதத்தை அதிகாரி கணக்கில் எடுக்காமல் விடலாம்.

விளக்கக் கடிதத்தைப் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். மறுப்பின் ஒவ்வொரு வாக்கியத்தையும் எண் போட்டு எழுதி, கீழே இரண்டு மூன்று வரியில் பதில், எந்தக் காகிதத்தில் எந்தப் பக்கம் என்ற குறிப்பு, அவ்வளவுதான். மறுப்புக் கடிதத்தின் கடைசியில், சூழ்நிலை மாறாவிட்டால் அடுத்த விண்ணப்பமும் மறுக்கப்பட வாய்ப்பிருக்கிறது என்ற வரி இருக்கும். அது எல்லோருக்கும் போடும் அச்சு வாசகம். புதிய சான்று வந்தாலே சூழ்நிலை மாறியதாகக் காட்டலாம்.

நீங்கள் கொடுத்த காகிதத்தையே கொடுக்கவில்லை என்று அதிகாரி எழுதியிருந்தால் மட்டும் வேறொரு வழியை யோசிக்கலாம். அங்குள்ள வழக்கறிஞர் மூலம் நீதிமன்ற மறு ஆய்வு கேட்பது. முதலில் முன்னறிவிப்புக் கடிதம் அனுப்புவார்கள், பதிலுக்கு வழக்கமாக 14 நாள். வழக்கை மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். வென்றாலும் விசா கையில் வராது, மறுபடி முடிவெடுக்கச் சொல்வார்கள். அதற்குள் பிரசவம் ஆகிக் குழந்தை தவழ ஆரம்பித்துவிடும், செலவும் புதிய விண்ணப்பத்தைவிடப் பல மடங்கு.

புதிய படிவத்தில், இதற்குமுன் எந்த நாட்டு விசாவாவது மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ஆம் என்றே எழுதி, தேதியும் காரணமும் சேருங்கள். முடிவு வழக்கமாக மூன்று வாரத்தில் வரும், பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மகளின் பிரசவத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, இன்னொரு முறை போட வேண்டி வந்தாலும் நேரம் இருக்கும்படி நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.