ஃபிரிட்ஜில் ஒட்டிய அந்தப் பழைய டயட் தாளைக் கழற்றுங்கள்

டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் "முட்டை கூடாது, மீன் கூடாது, பருப்பு கூடாது" என்று வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். இந்த மாதம் மட்டும் டயாலிசிஸ் யூனிட்டில் இப்படிக் கன்னம் ஒட்டிப்போய் வந்தவர்கள் பலர். அவர்களில் ஒருவரின் கணக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

58 வயது. சர்க்கரை நோயால் கிட்னி பழுதானவர். எட்டு மாதமாக வாரம் இரண்டு டயாலிசிஸ். வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் டயட் தாளை மகள் போனில் படமெடுத்துக் கொண்டுவந்திருந்தார். செல்லோ டேப் மஞ்சளாகிவிட்டது. மேலே தேதி, கிரியேட்டினின் 4.2 இருந்தபோது எழுதியது. புரதம் நாளுக்கு 40 கிராம், அசைவம் தவிர்க்கவும் என்று இருக்கிறது. அன்றைக்கு அது சரியான தாள்தான். டயாலிசிஸ் ஆரம்பித்த நாளோடு அதன் காலம் முடிந்துவிட்டது. முடிந்தது என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. இதில் எங்கள் துறையின் தவறும் இருக்கிறது.

அதிகம் குழப்பும் இடம் இதுதான், எனவே நிதானமாகச் சொல்கிறேன். டயாலிசிஸுக்கு முன்னால், மிச்சமிருக்கும் கிட்னியின் சுமையைக் குறைக்கப் புரதத்தைக் குறைக்கிறோம். சர்க்கரை உள்ளவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை. டயாலிசிஸ் தொடங்கியபின் கழிவை மெஷின் எடுக்கிறது. ஆனால் கழிவை மட்டும் எடுப்பதில்லை. ஒவ்வொரு முறையும் புரதத்தின் கூறான அமினோ அமிலமும் சில கிராம் சேர்ந்தே வெளியேறுகிறது. அதனால் தேவை கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராமாக ஏறுகிறது. அமெரிக்க தேசிய சிறுநீரக அறக்கட்டளையின் 2020 வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்கள் தினமும் புரதத்தை இழப்பதால் அவர்களுக்கும் இதே அளவு வேண்டும். நேற்றுவரை குறை என்றவர்களே இன்று கூட்டு என்றால் குடும்பம் நம்பத் தயங்கத்தான் செய்யும். புரிகிறது. ஆனால் இரண்டும் உண்மை.

அவர் சாப்பிடுவதைக் கேட்டு எழுதினோம். காலையில் இரண்டு இட்லி, தண்ணியான சாம்பார். மதியம் ஒன்றரைக் கப் சோறு, ரசம், சுரைக்காய் பொரியல், கொஞ்சம் மோர். சாயங்காலம் டீயும் இரண்டு ரஸ்க்கும். இரவு கஞ்சி. கூட்டினால் புரதம் சுமார் 20 கிராம். வேண்டியது குறைந்தது 57.

கஞ்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "பசிக்கவில்லை, கஞ்சியாவது குடிக்கட்டும்" என்பது பாசம்தான். ஆனால் 300 மில்லி கஞ்சியில் புரதம் இரண்டு மூன்று கிராம், மிச்சம் தண்ணீர். அந்த 300 மில்லியும் நாளின் தண்ணீர்க் கணக்கில் சேரும். வயிறு நிறைகிறது, காலில் நீர் கோக்கிறது, உடம்பில் சதை ஏறுவதில்லை. ரசம் சோறும் இப்படித்தான்.

இதற்கிடையே வீட்டில் ஒரே சந்தோஷம். டயாலிசிஸுக்கு முந்தைய ரத்தத்தில் கிரியேட்டினின் 9.5-லிருந்து 6.1-க்கு இறங்கிவிட்டது, யூரியா 62, பாஸ்பரஸ் 2.9. "கிட்னி தேறுது" என்றார்கள். சிறுநீர் கூடவில்லை, டயாலிசிஸ் நேரமும் கூடவில்லை என்றால் கிரியேட்டினின் தானாக ஏன் இறங்க வேண்டும்? கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்தால் அதுவும் குறையும். யூரியாவும் பாஸ்பரஸும் குறைந்ததற்குக் காரணம் அவர் சாப்பிடாததுதான். சிலருக்குக் கிட்னி உண்மையாகவே ஓரளவு மீளும். அப்போது சிறுநீரின் அளவு கூடும், அதை டாக்டர் கவனிப்பார். மற்றபடி சாப்பாடு குறைந்த ஆளுக்கு ரிப்போர்ட் அழகாக இருந்தால் பயப்படுங்கள்.

எடையும் ஏமாற்றும். அவருடைய டிரை வெயிட், அதாவது டயாலிசிஸில் கூடுதல் நீரை எடுத்தபின் இருக்க வேண்டிய எடை, எட்டு மாதமாக 60 கிலோ என்றே தாளில் இருந்தது. பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போயிருக்கிறது, மோதிரம் நழுவுகிறது, நெற்றிப்பொட்டு குழிந்திருக்கிறது. ஆனால் மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குகிறது, டயாலிசிஸ் முடிந்தும் பிரஷர் 170. மூன்று வாரம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக நீரை எடுத்தபின் தெரிந்தது, உண்மையான எடை 57. கரைந்த மூன்று கிலோ சதையின் இடத்தில் தண்ணீர் உட்கார்ந்திருந்தது. மூன்று மாதத்தில் 5 சதவீத எடை தானாகக் குறைந்தாலே நாங்கள் எச்சரிக்கையாகிவிடுவோம். இவருக்கு அதைத் தண்ணீர் மறைத்துவிட்டது.

சரி, எந்த விதியைத் தளர்த்துவது? சர்க்கரைக்கு ஒரு தாள், இதயத்துக்கு ஒரு தாள், கிட்னிக்கு ஒரு தாள் என்று மூன்றையும் ஒன்றாகக் கடைப்பிடித்தால் தட்டில் மிஞ்சுவது சுரைக்காய்தான். பசியில்லாதவருக்கு முதலில் புரதமும் கலோரியும். உப்பும் தண்ணீரும் தளராது. பொட்டாசியத்தையும் பாஸ்பரஸையும் ரத்த ரிப்போர்ட் பார்த்துத்தான் முடிவு செய்வோம். பொட்டாசியம் 6-ஐத் தொட்டவரும் 4-ல் இருப்பவரும் ஒரே பட்டியலைப் பின்பற்றத் தேவையில்லை. சாப்பாடு கூடி சர்க்கரை ஏறினால் இன்சுலினைத்தான் மாற்ற வேண்டும், சாப்பாட்டை நிறுத்தக் கூடாது. மாறாக, சாப்பாடு குறைந்தும் பழைய இன்சுலின் அளவையே போட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கும். கிட்னி பழுதானவர் உடம்பில் இன்சுலின் அதிக நேரம் தங்கும்.

அவருக்கு முதல் வாரம் ஒரே மாற்றம்தான் சொன்னோம்: காலையில் மூன்று முட்டையின் வெள்ளைக்கரு, மிளகு போட்டுப் பொரியலாக. பத்து கிராம் புரதம், பாஸ்பரஸ் மிகக் குறைவு, அது பெரும்பாலும் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. அடுத்த வாரம் மதியம் வெந்த மீன் 60 கிராம், துண்டைச் சாப்பிட்டுக் குழம்பை விட்டுவிட வேண்டும். கருவாடு வேண்டாம், உப்பு. அதற்கடுத்து இரவில் கஞ்சிக்குப் பதில் இரண்டு சப்பாத்தியும் வெந்த கோழிக்கறி 50 கிராமும். ஒரு கிண்ணம் தயிர் சேர்த்தால் நாளின் புரதம் 57-ஐத் தாண்டும், தயிரும் தண்ணீர்க் கணக்கில்தான். சைவர்களுக்கு வீட்டில் திரித்த பனீர் 50 கிராமும் கெட்டியான பருப்பும் உண்டு. பாஸ்பரஸ் பார்த்து அளவு சொல்வோம். பருப்பின் பாஸ்பரஸில் ஒரு பகுதிதான் உடம்பில் சேரும். கோலாவிலும் பாக்கெட் உணவிலும் சேர்க்கும் பாஸ்பேட்டோ ஏறக்குறைய முழுதும் சேரும். பருப்பை விலக்கிவிட்டுக் கோலா குடிப்பவர்களைப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை.

பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் பயனில்லை. இவர் பாஸ்பரஸ் 2.9 வைத்துக்கொண்டு மூன்று வேளையும் செவெலமர் என்ற அந்த மாத்திரையைப் போட்டார். வயிறு உப்புசம், மலச்சிக்கல், அதனாலேயே பாதிப் பசி போனது. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார்.

டயாலிசிஸ் நாளைத் தனியாகக் கணக்குப் பாருங்கள். நாலரைக்கு எழுந்து ஆறு மணிக்குப் படுக்கை, பத்தரைக்கு முடித்து வீடு சேர்ந்து அசந்து தூங்கினால் எழுவது நாலு மணிக்கு. வாரத்தில் இரண்டு நாள் ஒரே வேளைச் சாப்பாடு! கிளம்புமுன் இரண்டு இட்லியும் வெள்ளைக்கருவும், தூங்கப் போகுமுன் இன்னொரு சாப்பாடு. மெஷினில் இருக்கும்போது பிரஷர் இறங்குபவர் அங்கே சாப்பிட வேண்டாம், மற்றவர்கள் நர்ஸிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடலாம்.

கடையில் புரதப் பவுடர் கேட்காமல் வாங்காதீர்கள். பொட்டாசியமும் பாஸ்பரஸும் எவ்வளவு என்று பார்க்காமல் எந்த டின்னையும் திறக்கக் கூடாது.

சாப்பாட்டைச் சரிசெய்தும் பசி வரவில்லையென்றால் அடம்பிடிக்கிறார் என்று திட்டாதீர்கள். டயாலிசிஸ் போதாமல் இருக்கலாம், ரத்தத்தில் அமிலம் கூடியிருக்கலாம், சர்க்கரை நோயால் இரைப்பை மெதுவாகியிருக்கலாம், மனச்சோர்வு இருக்கலாம். சாயங்காலக் காய்ச்சல், இரவு வியர்வை, கழுத்தில் கட்டி என்று ஏதாவது சேர்ந்திருந்தால் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் டி.பி. பரிசோதனை கேளுங்கள். கழுத்தில் கதீட்டர் இருப்பவருக்குக் குளிர் நடுக்கம் வந்தால் அன்றே வாருங்கள்.