மத்தியஸ்தர் எப்போது தீர்ப்புச் சொன்னார்?

‘சமரச மையத்தில் நடுவர் தீர்ப்பு, நீண்ட நாள் வழக்கு முடிவுக்கு வந்தது’ என்ற மாதிரித் தலைப்பைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. சமரச மையத்தில் நடுவர் என்று யாரும் கிடையாது. அங்கே தீர்ப்பும் கிடையாது. வழக்கு முடிந்தது உண்மைதான், ஆனால் முடித்தவர்கள் இரு தரப்பினர். தகராறைப் பேசி முடிக்கும் முறைகளான மீடியேஷன், கன்சிலியேஷன், லோக் அதாலத் என்ற மூன்றையும் ஒரே பானையில் கொட்டிக் கிளறியதால் வந்த வினை இது. இதைப் படிப்பவர் பணமோ நிலமோ பற்றி முடிவெடுக்க வேண்டியவராக இருந்தால், சொல்லில் நேர்ந்த குழப்பம் கையிலும் நேரும்.

மூலங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். மீடியேஷன் என்பதன் வேர் லத்தீனில் ‘நடு’. மத்தியஸ்தம் என்பதும் அதேதான், நடுவில் நிற்பது. கன்சிலியேஷனின் வேர் ‘ஒன்று கூட்டுதல்’. சமரசம் என்றால் ஒத்த சுவை, ஒத்த தன்மை. வள்ளலார் ‘சமரச சுத்த சன்மார்க்கம்’ என்று வைத்ததும் அந்தப் பொருளில்தான். அதாலத் அரபு வழியாக உருதுவுக்கும் இந்திக்கும் வந்த சொல், நீதிமன்றம் என்று பொருள்.

இப்போது ‘நடுவர்’ விவகாரத்துக்கு வருகிறேன். மத்தியஸ்தர் வடமொழி, அதனால் நடுவர் என்று மாற்றினோம் என்கிறார்கள். தனித்தமிழ் மேல் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் ‘நடுவர்’ என்ற சொல்லை நாம் ஏற்கெனவே எங்கெங்கே வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். குற்றவியல் நடுவர் சிறைக்கு அனுப்பும் அதிகாரம் உள்ளவர். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் இறுதி ஆணையே பிறப்பித்தது. ஆட்டத்தில் நடுவர் ‘அவுட்’ என்றால் அவுட். பட்டிமன்ற நடுவர்கூடக் கடைசியில் ஒரு பக்கம் சாய்ந்துதான் ஆக வேண்டும். இத்தனை இடத்திலும் நடுவர் முடிவு சொல்கிறவர். ஆர்பிட்ரேட்டருக்கு நடுவர் என்பது அதனால்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. இரு தரப்பையும் கேட்டு அவர் தருவது அவர் முடிவு, பிடிக்காதவரையும் அது கட்டும். மீடியேட்டருக்கோ முடிவு சொல்லும் அதிகாரம் துளியும் இல்லை. இந்த ஒரே வேறுபாட்டுக்காகத்தான் சட்டம் இவர்களை இரண்டு ஆட்களாக வைத்திருக்கிறது. அதை அழித்துவிட்டுத் தூய்மை என்ன வேண்டிக்கிடக்கிறது?

மத்தியஸ்தர் என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டிலேயே ஆயிரம் ஆண்டுச் சான்று இருக்கிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளில், 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை, மத்தியஸ்தன் வருகிறான். குடத்திலிருந்து சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துக் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதை ஏற்று, பெயரை வாசிப்பான். விரலை மடக்கவே கூடாது, ஓலையை மாற்ற வழியிருக்கக் கூடாது என்பதற்காக. யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் அவனுக்கு வாயே கிடையாது. மீடியேட்டருக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடியை நான் எங்கும் பார்த்ததில்லை. பிற்காலத்தில் அகராதிகள் மத்தியஸ்தனை ஆர்பிட்ரேட்டராகவும் எழுதின, பழைய ஒப்பந்தங்களும் அப்படியே பயன்படுத்தின என்பது உண்மை. இன்று ஆர்பிட்ரேட்டருக்கு நடுவர் நிலைத்துவிட்டதால் அந்தச் சுமையை மத்தியஸ்தர் இறக்கி வைத்துவிடலாம்.

சரி, சமரசம்? சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-இல் தொடங்கிய மையத்தின் ஆங்கிலப் பெயரில் மீடியேஷன், கன்சிலியேஷன் இரண்டும் உண்டு. தமிழில் சமரசத் தீர்வு மையம் என்று ஒன்றாக்கிவிட்டார்கள். பெயரைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே வேண்டுவது சமரசம், அதற்கான வழி மத்தியஸ்தம். நடப்பதற்கு ஒரு சொல், கிடைப்பதற்கு ஒரு சொல் என்று வைத்துக்கொண்டால் போதும். ‘சமரசம் தோல்வி’ என்று எழுதுவதைவிட ‘மத்தியஸ்தத்தில் சமரசம் ஏற்படவில்லை’ என்பது எவ்வளவு தெளிவு!

கன்சிலியேஷனுக்கு ‘இணக்குவிப்பு’ என்பேன். மத்தியஸ்தருக்கும் இணக்குவிப்பாளருக்கும் உள்ள இடைவெளி சிறியது, ஆனால் இருக்கிறது. மத்தியஸ்தர் பேச வைப்பதோடு நிற்பார். இணக்குவிப்பாளர் 1996-ஆம் ஆண்டு நடுவர் மற்றும் இணக்குவிப்புச் சட்டத்தின்படி எந்தக் கட்டத்திலும் ‘இப்படி முடித்துக்கொள்ளலாமே’ என்று தாமே யோசனை வைக்கலாம், உடன்பாட்டின் வரைவை எழுதிக் காட்டலாம். திணிக்க மட்டும் முடியாது. இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் அது உடன்பாடு.

வேறுபாடு கடிக்கும் இடம் கடைசித் தாளில் இருக்கிறது. ஒருவர் மற்றவருக்கு ஆறு லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாலரை லட்சம், மூன்று தவணை என்று பேசி முடிகிறது. முதல் தவணை வந்தது, இரண்டாவது வரவில்லை. இனி என்ன செய்யலாம் என்பது, அந்த உடன்பாடு எந்தத் தாளில் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது.

வழக்கே போடாமல், சட்டமுறை எதுவும் பின்பற்றாமல், தெரிந்தவர் ஒருவர் நடுவில் நின்று பேசி எழுதி வாங்கியிருந்தால் அது வெறும் ஒப்பந்தம். அதை வைத்துப் புதிதாக வழக்குப் போட வேண்டும். நிலுவையில் உள்ள வழக்கை நீதிமன்றமே மத்தியஸ்தத்துக்கு அனுப்பியிருந்தால், உடன்பாடு நீதிமன்றத்துக்குத் திரும்பும். நீதிபதி உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 23-ஆம் கட்டளை, 3-ஆம் விதிப்படி பதிவுசெய்து தீர்ப்பாணை தருவார். பலம் அந்தத் தீர்ப்பாணையில்தான் இருக்கிறது. மத்தியஸ்தரின் அறிக்கைக்குத் தனியாகப் பலம் இல்லை. பணம் வராவிட்டால் நேரே நிறைவேற்றுதல் மனு போடலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டு வந்த தீர்ப்பாணை என்பதால் மேல்முறையீடும் கிடையாது.

முறைப்படி நடந்த இணக்குவிப்பில் கையெழுத்தான உடன்பாட்டுக்கோ, அதே 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, நடுவர் எழுதும் முடிவான தீர்வத்தின் தகுதியையே கொடுக்கிறது. நடுவர் யாரும் தீர்வம் எழுதாமலே அந்தத் தகுதி வருகிறது. தீர்வத்தைப் போலவே அதையும் தீர்ப்பாணையாக நிறைவேற்றலாம். ஒரே பேச்சு, ஒரே தொகை, ஆனால் மேலே சொன்ன வெறும் ஒப்பந்தத்துக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ‘இரண்டும் சமரசம்தானே’ என்று மொழிபெயர்ப்பாளர் தோளைக் குலுக்கினால் பணத்துக்குக் காத்திருப்பவர் என்ன செய்வார்?

லோக் அதாலத்தில் முடிந்திருந்தால் 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு வேலை செய்யும். அங்கே எழுதப்படும் தீர்வம் உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணையாகவே கருதப்படும், இறுதியானது, மேல்முறையீடு இல்லை. வழக்கில் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். காசோலை வழக்கைக் குற்றவியல் நீதிமன்றம் லோக் அதாலத்துக்கு அனுப்பி அங்கே முடிந்திருந்தாலும், அந்தத் தீர்வத்தை உரிமையியல் தீர்ப்பாணை போல நிறைவேற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எந்தத் தாளானாலும் ஒரு வரி விட்டுப்போகிறது: தவணை தவறினால் மீதித் தள்ளுபடி ரத்தாகி முழு ஆறு லட்சமும் கொடுக்க வேண்டும் என்ற வரி. அது இல்லாவிட்டால் நிறைவேற்றுதல் மனுவில் நாலரை லட்சத்தின் பாக்கியைத்தான் கேட்க முடியும். விட்டுக்கொடுத்த ஒன்றரை லட்சம் போனதுதான்.

லோக் அதாலத்துக்கு ‘மக்கள் நீதிமன்றம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதாலத் என்றால் நீதிமன்றம், ஆகவே பெயர்ப்பில் பிழை சொல்ல முடியாது. பிழை மூலத்திலேயே இருக்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதியோ பணியில் உள்ள நீதிபதியோ மேசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யாரும் வழக்கு விசாரணை என்றுதான் நினைப்பார்கள். ஆனால் இரு தரப்பும் ஒத்துக்கொள்ளாமல் அங்கே எதையும் முடிவு செய்ய முடியாது என்று 2008-இல் ஜலூர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. லோக் அதாலத் தானே இழப்பீட்டைக் கூட்டிக் கொடுத்தால் அது செல்லாது. உண்மையான உடன்பாட்டில் பிறந்த தீர்வத்தைத் தாக்குவதற்கும் உயர் நீதிமன்றத்தில் ரிட் ஒன்றுதான் வழி. ஆகவே ‘மக்கள் நீதிமன்றத் தீர்ப்பு’ என்று எழுதாதீர்கள். தீர்வம் என்ற சொல் சட்டத் தமிழில் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட மோசமானது ‘சமூக நீதிமன்றம்’. சிலர் லோக் அதாலத்துக்கு இப்படி எழுதுகிறார்கள், அதையே 2023-ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டம் சொல்லும் சமுதாய மத்தியஸ்தத்துக்கும் ஒட்டுகிறார்கள். இருப்பதிலேயே கெட்டியான தாளும் இருப்பதிலேயே மெலிதான தாளும் ஒரே பெயரில்! ஒரு வட்டாரத்தின் அமைதி குலையக்கூடிய தகராறுகளை மூன்று பேர் குழு பேசித் தீர்ப்பதுதான் சமுதாய மத்தியஸ்தம். அதில் வரும் உடன்பாட்டை நீதிமன்றத் தீர்ப்பாணை போல நிறைவேற்ற முடியாது என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. மற்ற மத்தியஸ்த உடன்பாடுகளுக்கோ அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு தீர்ப்பாணையின் பலத்தைத் தருகிறது. வழக்குப் போடாமல் பேசி முடிப்பவரும், அந்தச் சட்டத்தின் முறைப்படி முடித்தால், வெறும் ஒப்பந்தத்தோடு நிற்க வேண்டியதில்லை. ஒன்று கவனிக்க வேண்டும்: 2023 அக்டோபரில் சில பிரிவுகள் மட்டும்தான் நடைமுறைக்கு வந்தன; 27 அந்தப் பட்டியலில் இல்லை. கையெழுத்திடும் தேதியில் அது அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தச் சட்டம் மத்தியஸ்தம் என்ற வரையறைக்குள் இணக்குவிப்பையும் சேர்த்துவிட்டது. எனக்கு இதில் வருத்தம்தான். பிரித்துச் சொன்ன இரண்டு சொற்களில் ஒன்று இனிமேல் வேலை இழக்கும்.

மொழிபெயர்ப்பாளர்களை இவ்வளவு திட்டியபின் அவர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். வழக்கை இந்த மாதிரி முறைகளுக்கு நீதிமன்றம் அனுப்ப வழிசெய்யும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவின் ஆங்கில மூலமே தடுமாறியது. நீதிமன்றவழித் தீர்வு, மீடியேஷன் என்ற இரண்டின் விளக்கமும் அதில் இடம் மாறி அச்சாகிவிட்டன. 2010-இல் ஆஃப்கான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டு, மாற்றிப் படிக்கச் சொன்னது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தவர் அந்தப் பிழையையும் நேர்மையாகப் பெயர்த்திருப்பார்.

அப்புறம் ‘நிரந்தர மக்கள் நீதிமன்றம்’ என்று இன்னொன்று இருக்கிறது. போக்குவரத்து, மின்சாரம், தண்ணீர், காப்பீடு போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளில் வரும் தகராறுகளுக்கு, ஒரு கோடி ரூபாய் வரை. முதலில் இணக்குவிக்க முயல வேண்டும், அது கட்டாயம். இணக்கம் வராவிட்டால், சாதாரண லோக் அதாலத் செய்ய முடியாததை அது செய்யலாம்: வழக்கின் தன்மையைப் பார்த்துத் தானே முடிவு சொல்லலாம். நீதிமன்றம் என்ற பெயர் பாதியாவது பொருந்துவது இங்கேதான். ‘நிரந்தர’ என்ற அடைமொழியை இடம் போதவில்லை என்று வெட்டிவிடும் பத்திரிகை உதவி ஆசிரியர்கள் வெட்டுவது அந்த அதிகாரத்தையும் சேர்த்துத்தான்.