வேர்க்கசிவும் வேர்சூழ் மண்ணும்: இரண்டு சொற்கள், ஒரு விருந்து

ஒரு புல்லை மெதுவாகப் பிடுங்கி, உதறிப் பாருங்கள். தளர்ந்த மண்ணெல்லாம் கொட்டிவிடும். எவ்வளவு உதறினாலும் விழாமல், வேரோடு உறை போட்டதுபோல ஒரு மெல்லிய மண் படலம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆய்வுக்கூடத்தில் இந்த ஒட்டிய மண்ணைக் கழுவி எடுத்துத்தான் 'ரைசோஸ்பியர்' மாதிரி என்கிறார்கள். கொட்டிப்போனது வெறும் மண். வேரோடு தங்கியது வேரால் மாற்றப்பட்ட மண். நம் சொல்லின் பொருள் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

சொல்லைத் தந்தவர் ஜெர்மானிய நுண்ணுயிரியலாளர் லோரன்ஸ் ஹில்ட்னர். ஆண்டு 1904. கிரேக்கத்தில் 'ரைசா' என்றால் வேர், 'ஸ்பைரா' என்றால் உருண்டை. பட்டாணி, அவரை வகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் பல ஆண்டுகள் உழைத்தவர் அவர். முடிச்சுப் பாக்டீரியாவை வளர்த்து விதையோடு சேர்க்கும் முறைக்கு, ஃபிரீட்ரிக் நோபே என்பவருடன் சேர்ந்து 1896-இல் காப்புரிமையும் பெற்றிருந்தார். வேர் எதையோ வெளியே விடுகிறது, அதை நாடி நுண்ணுயிர்கள் வந்து கூடுகின்றன, செடிக்குச் செடி அந்தக் கூட்டம் மாறுகிறது என்பது அவர் கருத்து. பயனுள்ளவை மட்டுமல்ல, அழைக்காத விருந்தாளிகளும் அந்தப் பந்தியில் உட்காரும் என்றும் அவர் கண்டிருந்தார்.

தமிழில் இதற்கு வேர்க்கோளம், வேர்மண்டலம் என்று எழுதுகிறார்கள். எனக்கு இரண்டிலும் குறை தெரிகிறது. கோளம் என்றால் உருண்டை என்றே மனத்தில் பதியும். உண்மையில் இது வேர் போகிற வழியெல்லாம் கூடவே போகும் உறை. வேர்மண்டலம் என்பதைப் பாசனம் பற்றிப் பேசுபவர்கள், வேர் இறங்கும் ஆழம் முழுவதற்கும் சொல்கிறார்கள். அது அடிக்கணக்கில் நீளும். ரைசோஸ்பியரின் பருமனோ பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான். ஒரே சொல் இரண்டையும் குறித்தால், படிப்பவர் நூற்றுக்கணக்கான மடங்கு பிழையாகப் புரிந்துகொள்வார். அதனால் 'வேர்சூழ் மண்' என்பதையே நான் எடுத்துக்கொள்கிறேன். சூழ்ந்திருக்கிறது, மண்ணாக இருக்கிறது. அவ்வளவு சொன்னால் போதும்.

அடுத்தது 'எக்ஸுடேட்'. லத்தீனில் 'சுடாரே' என்றால் வியர்த்தல். 'எக்ஸ்' என்பது வெளியே. ஆக, வேர் வியர்த்து வெளியே விடுவது. தமிழில் இங்கே ஓர் அழகான தற்செயல் இருக்கிறது. 'வேர்க்கிறது' என்றால் வியர்க்கிறது என்றுதானே பொருள்? செடியின் வேருக்கும் இந்த வினைக்கும் பிறப்பில் உறவில்லை. வினை 'வியர்' என்பதன் திரிபு. ஆனாலும் 'வேர் வேர்க்கிறது' என்று சொல்லிப் பார்த்தால் பொருள் மறக்காது.

கலைச்சொல்லாக வேர்க்கசிவு, வேர்ச்சுரப்பு இரண்டும் புழங்குகின்றன. இரண்டும் ஒன்றல்ல. குளுக்கோஸ் போன்ற சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் வேர்ச் செல்லுக்குள் அடர்த்தியாகவும் வெளியே மிகக் குறைவாகவும் இருப்பதால், பெரும்பாலும் தாமாகவே வெளியே பரவுகின்றன. இது கசிவு. வேர்நுனித் தொப்பியின் செல்கள் வழவழப்பான கோந்தைச் சிறு பைகளில் கட்டி வெளியே தள்ளுகின்றன. இது சுரப்பு. இடைப்பட்டதும் உண்டு: அலுமினியம் மிகுந்த அமில மண்ணில் கோதுமையின் வேர்நுனி, சவ்வில் உள்ள ஒரு வாயிலைத் திறந்து மாலிக் அமிலத்தை விடுகிறது. அது அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ள, நுனி பிழைக்கிறது. எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக வேர்க்கசிவு இருக்கட்டும். செடி தன் ஆற்றலைச் செலவிட்டு வெளியே தள்ளுவதற்கு மட்டும் சுரப்பு என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. வேர்க்கழிவு என்று எழுதுவது மட்டும் தவறு. இலையில் உழைத்துச் சேர்த்த கரிமத்தைக் கழிவென்று சொல்லக் கூடாது.

கசிவை அளப்பது எளிதல்ல. மண்ணில் விழுந்த சர்க்கரையை நுண்ணுயிர்கள் சில நிமிடங்களில், மிஞ்சினால் சில மணி நேரத்தில் தின்றுவிடும். அதனால் வேரைக் கழுவி நீரில் வைத்துக் கசிவைச் சேகரிக்கிறார்கள். கழுவும்போது வேர்த்தூவிகள் அறுந்தால் செல்லின் உள்ளிருப்பெல்லாம் நீரில் கலந்து, அது கசிவென்று கணக்கில் ஏறிவிடும். முதல் சில மணி நேரத்து நீரில் அளவு மிக அதிகமாக வந்து பின்பு சட்டென்று இறங்கினால், அறுந்த தூவிகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சரி, இந்தக் கசிவு மண்ணில் வாழும் கூட்டத்தை உண்மையிலேயே மாற்றுகிறதா, அல்லது கிடைத்ததைத் தின்ன யாரோ வருகிறார்களா? இதைச் சோதித்த ஒரு நல்ல ஆய்வு, சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகக் குழுவினர் 2018-இல் வெளியிட்ட மக்காச்சோள ஆய்வு. மக்காச்சோள வேர் பென்சோக்சசினாய்டு எனப்படும் கசப்பான தற்காப்புப் பொருள்களை வெளியே விடும். அவை மண்ணில் சிதைந்து 'எம்பிஓஏ' என்ற ஒரு பொருளாக மாறிச் சில காலம் தங்கும். ஆய்வாளர்கள் இரண்டு வகைச் செடிகளை வளர்த்தார்கள். ஒன்று இயல்பானது. மற்றது, ஒரு மரபணு பழுதானதால் இந்தப் பொருளை ஏறக்குறைய உண்டாக்க முடியாதது. பிறகு அந்தச் செடிகளை எடுத்துவிட்டு, அதே மண்ணில் புதிதாக மக்காச்சோளம் விதைத்தார்கள்.

முன்பு இயல்பான செடி நின்ற மண்ணில் பாக்டீரியாக் கூட்டமும் பூஞ்சைக் கூட்டமும் வேறாக இருந்தன. அங்கே முளைத்த அடுத்த தலைமுறை சற்றுக் குட்டையாக வளர்ந்தது. ஆனால் அதன் இலையைத் தின்ற படைப்புழு சரியாகப் பருக்கவில்லை. செடி வளர்ச்சியைக் குறைத்துத் தற்காப்பைக் கூட்டிக்கொண்டது.

இதற்கு நுண்ணுயிர்தான் காரணமா, மண்ணில் தங்கிய வேதிப்பொருளா? மண்ணை நுண்ணுயிர் நீக்கம் செய்தபோது விளைவு மறைந்தது. அந்த மண்ணின் நுண்ணுயிர்களை மறுபடி சேர்த்தபோது திரும்பி வந்தது. பழுதான செடி நின்ற மண்ணில் எம்பிஓஏ-வை மட்டும் கலந்து, பிறகு விதைத்தபோதும் அதே விளைவு தெரிந்தது. ஆக, கசிவு கூட்டத்தை மாற்றியது. மாறிய கூட்டம் அடுத்த செடியை மாற்றியது.

இதைப் படித்துவிட்டு, சர்க்கரைக் கரைசல் ஊற்றினால் மண் வளமாகிவிடும் என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. அது நடக்காது. சர்க்கரையில் கரிமம் இருக்கிறது, நைட்ரஜன் இல்லை. அதைத் தின்று வேகமாகப் பெருகும் நுண்ணுயிர்கள் தங்கள் உடலுக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். சில நாளில் பயிரின் அடி இலைகள் வெளிறினால் காரணம் இதுவாக இருக்கலாம். கோப்பை நிறைய ஒரே சர்க்கரையை ஊற்றுவதற்கும், வேர்நுனி நகர நகரப் பல பொருள்களைத் துளித்துளியாக, இடம் மாற்றி மாற்றித் தருவதற்கும் ஒப்பே இல்லை.

மக்காச்சோளத்தின் கதையும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. விளைவு மண்ணுக்கு மண், ரகத்துக்கு ரகம் மாறுகிறது. 2023-இல் வெளியான இன்னொரு கள ஆய்வில், இயல்பான மக்காச்சோளத்துக்குப் பின் விதைத்த கோதுமை, பழுதான செடி நின்ற இடத்தைவிட 4 சதவீதத்துக்கு மேல் கூடுதல் விளைச்சல் தந்தது. தன் இனத்தின் அடுத்த தலைமுறையைக் குட்டையாக்கிய அதே கசிவு, இங்கே வேறொரு பயிருக்குக் கைகொடுத்தது. மக்காச்சோளத்தின் அறுவடை முடிந்து மாதங்கள் போன பிறகும் அந்த மண்ணுக்கு அதன் வேர் நினைவில் இருந்தது.