கடன்பிணை: ‘கியாரண்டி’ என்ற சொல்லும் அதற்குச் சட்டம் போட்ட எல்லையும்

வங்கிக்காரர் ‘கியாரண்டி’ என்கிறார், கூட்டுறவுச் சங்கத்தில் ‘ஜாமீன்’ என்கிறார்கள், செய்தித்தாள் ‘உத்தரவாதம்’ என்று எழுதுகிறது. மிக்சிக்கு இரண்டு ஆண்டு உத்தரவாதம், வேலைக்கு உத்தரவாதம் என்று பழகிப்போனதால், கம்பெனிக் கணக்கில் அந்தச் சொல்லைப் பார்த்தாலும் ஏதோ ஒரு வாக்குறுதி என்றே நினைத்துவிடுகிறோம். அது வெறும் வாக்குறுதி இல்லை, காத்திருக்கும் கடன்.

ஆங்கிலத்தில் ‘கியாரண்டி’, ‘வாரண்டி’ இரண்டும் ஒரே ஜெர்மானிய வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தவை. ‘ஜாமீன்’ அரபிச் சொல். பொறுப்பேற்பவர் என்று பொருள். ‘உத்தரவாதம்’ வடமொழி, உத்தரம் என்றால் பதில், ஆக, பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பது. மலையாளத்தில் ‘உத்தரவாதித்தம்’ இன்றும் பொறுப்பு என்ற பொருளிலேயே வழங்குகிறது. நம்மிடம் உள்ள சொல் ‘பிணை’. கட்டுதல், சேர்த்து முடிதல் என்பதே அதன் அடிப்பொருள். ஒருவர் கடனோடு இன்னொருவர் தன்னைக் கட்டிக்கொள்கிறார். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது: கடன்பட்டவர் தவறினால் பிணை நின்றவர் தீர்க்க வேண்டும், வேறு ஏற்பாடு இல்லாதவரை இருவர் பொறுப்பும் சம அளவு. நீதிமன்றப் பிணையோடு குழம்பாமலிருக்க ‘கடன்பிணை’ என்று எழுதுவதே சரி என்பேன். அடமானமாகக் காட்டும் சொத்துக்கு ‘ஈடு’ என்ற சொல் இருக்கிறது. அதையும் இதோடு கலக்கக் கூடாது.

2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் 186-ஆம் பிரிவு, கடன், கடன்பிணை, ஈடு, பிற நிறுவனப் பங்குகளை வாங்குவது எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்க்கிறது. பணம் கையைவிட்டுப் போகாத கடன்பிணையும் முழுத்தொகைக்கும் எண்ணப்படும். எல்லை இதுதான்: செலுத்தப்பட்ட பங்கு மூலதனம், பங்காதாயமாகப் பிரித்துக் கொடுக்கக்கூடிய தடையற்ற காப்பு நிதி, பங்கை முகமதிப்புக்கு மேல் விற்றதில் கிடைத்த பங்கு முனைமம் மூன்றின் கூட்டுத்தொகையில் 60 சதவீதம், அல்லது மூலதனத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டின் முழுத்தொகை. எது அதிகமோ அது.

ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்வோம், பொது நிறுவனமாகப் பதிவானது. மூலதனம் 2 கோடி, காப்பு நிதி 6 கோடி, பங்கு முனைமம் 1 கோடி. மொத்தம் 9 கோடியில் 60 சதவீதம் 5.4 கோடி. காப்பு நிதியும் முனைமமும் 7 கோடி. ஆகவே எல்லை 7 கோடி. ஆலை ஏற்கெனவே ஒரு குழும நிறுவனத்துக்கு 3 கோடி கடன் கொடுத்திருக்கிறது, இன்னொன்றில் 2 கோடிக்குப் பங்கு வாங்கியிருக்கிறது. இப்போது குழுமத்தின் சாயப்பட்டறை வங்கியில் 4 கோடி வாங்க, ஆலை பிணை நிற்கப் போகிறது. “கையெழுத்துதானே, பணமா கொடுக்கிறோம்?” என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் கணக்கு 9 கோடியாகிவிட்டது. கையெழுத்துக்கு முன்பே பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும்: எதிர்த்து விழுந்த வாக்குகளைப் போல மூன்று மடங்காவது ஆதரவு வேண்டும். இயக்குநர் குழுக் கூட்டத்தில் வந்திருப்பவர்கள் அத்தனை பேரும் ஒப்ப வேண்டும். ஒருவர் மறுத்தாலும் நடக்காது.

அப்புறம் 185-ஆம் பிரிவு. இங்கே கேள்வி எவ்வளவு என்பதல்ல, யாருக்கு என்பது. அந்தச் சாயப்பட்டறை தனியார் நிறுவனமாக இருந்து, ஆலையின் இயக்குநர் ஒருவர் அதிலும் இயக்குநராக இருந்தால், தொகை எல்லைக்குள் இருந்தாலும் சிறப்புத் தீர்மானம் கட்டாயம். அந்தக் கடனைப் பட்டறை தன் முதன்மைத் தொழிலுக்கே செலவிட வேண்டும். அதே பட்டறை இயக்குநரின் மனைவி பங்காளியாக உள்ள கூட்டாண்மை நிறுவனமாக இருந்தால் கதவே மூடியாகிவிட்டது; ஒரு ரூபாய்க்கும் பிணை நிற்க முடியாது, எந்தத் தீர்மானமும் உதவாது. இயக்குநருக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதற்கும் இதே தடைதான். கடன் என்று பெயரிடாமல், அவர் தர வேண்டிய பாக்கியைக் கடன் போலவே ஏட்டில் கிடக்க விடுவதையும் சட்டம் ‘ஏட்டுக்கடன்’ என்று சேர்த்துப் பிடிக்கிறது. பணிநிபந்தனையாக எல்லா ஊழியருக்கும் தரும் கடனை முழுநேர இயக்குநரும் பெறலாம் என்பது போலச் சில விலக்குகள் உண்டு. தாய் நிறுவனம் தன் முழு உடைமைத் துணை நிறுவனத்துக்குக் கொடுப்பதும் அவற்றில் ஒன்று. அந்தப் பணமும் துணை நிறுவனத்தின் முதன்மைத் தொழிலுக்கே போக வேண்டும்.

185-ஐ மீறினால் நிறுவனத்துக்கு 5 லட்சம் முதல் 25 லட்சம் ரூபாய் வரை அபராதம். கடன் வாங்கிய இயக்குநருக்கு ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

சிறு பங்குதாரர் இதைக் கண்டுபிடிக்க ஆண்டறிக்கையின் முதல் பக்கங்கள் உதவாது. இருப்புநிலைக் குறிப்பில் கடன்பிணை சொத்தாகவோ கடனாகவோ நிற்காமல், ‘நேரக்கூடிய பொறுப்புகள்’ என்ற குறிப்புக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அந்தத் தொகையை நிறுவனத்தின் காப்பு நிதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு தணிக்கையாளர் அறிக்கையின் இணைப்பில் நான்காம் கூறைப் படியுங்கள். 185, 186 பிரிவுகள் பின்பற்றப்பட்டனவா என்று அங்கே அவர் சொல்லியாக வேண்டும்.