டிராஃப்டிங்: காற்றுமறைவு

சைக்கிளில் ஒருவருக்கு நேர் பின்னால், சக்கரத்தோடு சக்கரம் ஒட்டினாற்போல் ஓட்டுவதுதான் டிராஃப்டிங். அகராதியைப் புரட்டினால் டிராஃப்ட்டுக்கு ‘வரைவு’ என்று வரும். அது கடிதத்துக்குப் பொருந்தும், இங்கே உதவாது. இரண்டுக்கும் வேர் ஒன்றே: ‘இழு’ என்ற பொருளுடைய பழைய ஆங்கில வினை. கோடு இழுப்பதிலிருந்து வரைவு வந்தது. வண்டி இழுக்கும் குதிரைக்கும் ஆங்கிலத்தில் இதே அடைமொழிதான்.

ஆனால் முன்னால் போகிறவர் நம்மைக் கயிறு கட்டி இழுப்பதில்லை. அவர் காற்றைப் பிளந்து போகிறார், அந்த மறைவில் நாம் போகிறோம். அதனால் ‘இழுவை’ என்று மொழிபெயர்ப்பதை விட ‘காற்றுமறைவு’ என்பதே பொருத்தம் என்பேன். ‘காற்றுமறைவில் ஓட்டினான்’ என்று வினையாகவும் இயல்பாக வருகிறது.

சரி, ஒரே சீரான உழைப்பில் 50 கிலோமீட்டர் ஓட்டினால், தனியாகப் போவதை விட காற்றுமறைவில் எவ்வளவு நேரம் மிச்சமாகும்? சமதளம், காற்றில்லாத நாள், ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தனியாக மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போக, சக்கரத்துக்கு ஏறத்தாழ 154 வாட் போய்ச் சேர வேண்டும். அதில் 121 வாட்டைக் காற்றே தின்றுவிடும், மீதி டயர் உருளுவதற்கு. பயணம் 100 நிமிடம். நெருங்கிப் பின்தொடர்ந்தால் காற்றுத்தடை சுமார் 30 சதவீதம் குறைகிறது என்று கொண்டால், அதே 154 வாட்டில் வேகம் 33.4 ஆகிறது. பயணம் 90 நிமிடம். ஆக, மிச்சம் பத்து நிமிடம். தடையில் 30 சதவீதம் குறைந்தும் வேகம் பதினொரு சதவீதமே கூடக் காரணம், காற்றுக்குச் செலவாகும் வாட் வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறுவதுதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடம் கிடைக்க, முன்னால் போகிறவரும் 33.4-இல் போயாக வேண்டும். அவருக்கு ஏறத்தாழ 204 வாட் வேண்டும். அவர் நம் அளவு பலம் உள்ளவர்தான் என்றால் 30-ஐத் தாண்ட மாட்டார். அப்போது நமக்கு நேரம் மிச்சமாகாது, உழைப்புதான் மிச்சம்: 154-க்குப் பதில் 118 வாட் போதும். இருவரும் மாறி மாறி முன்னால் போனால், சராசரி உழைப்பு அதே அளவில் இருக்க, வேகம் 31.5 வரை வரும், ஐந்து நிமிடம் மிச்சமாகும். ஆனால் முன்னால் இருக்கும்போது 175 வாட், பின்னால் 133 என்று உழைப்பு ஏறி இறங்கும். அதை ஒரே சீரான உழைப்பு என்று சொல்ல முடியாது.

மேட்டில் இந்தக் கணக்கு நிற்காது. 12 கி.மீ. வேகத்தில் ஏறும்போது காற்றுக்கு எட்டு வாட் கூடச் செலவாகாது, மறைக்க என்ன இருக்கிறது? பக்கக்காற்று அடித்தாலும் மறைவு நேர் பின்னால் இருக்காது, காற்று போகும் பக்கமாகச் சாய்ந்துவிடும். அதைத் தேடிப் போய் நம் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டால், அவர் சற்றே விலகினாலும் நாம்தான் விழுவோம்.